கார் சாப்ட்வேர் அப்டேட் ஏற மறுக்கிறதா? முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

"அப்டேட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, போட மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் சாப்ட்வேரில் ஒரு குறையும் இருந்ததில்லை. 12 வோல்ட் பேட்டரியில்தான் இருந்தது. பெட்ரோல், டீசல், ஹைபிரிட், முழு மின்சாரக் கார் எதுவானாலும் இதே கதைதான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நம்பவே முடியாது, கீழே அவ்வளவு பெரிய பேட்டரி 80 சதவீதம் நிறைந்து கிடக்கும்போது ஏன் சார்ஜ் போதவில்லை என்று வருகிறது என்பார்கள். அந்தச் செய்தி சொல்வது பெரிய பேட்டரியை இல்லை.

நடப்பது இவ்வளவுதான். காருக்குள் இருக்கும் சிம் வழியாகவோ வீட்டு வைஃபை வழியாகவோ புது சாப்ட்வேர் முதலில் இறங்கி ஓரிடத்தில் காத்திருக்கும். அது கார் கம்பெனி அனுப்பியதுதானா என்று அதன் டிஜிட்டல் கையெழுத்தை கார் சரிபார்க்கும். அப்புறம் கேட்வே என்ற யூனிட் வழியாக பிரேக், ஸ்டீயரிங், சார்ஜிங், திரை என்று எந்தெந்தக் கன்ட்ரோல் யூனிட்டுக்கு எது போக வேண்டுமோ அது போகும். சில யூனிட்டுகளில் இரண்டு நினைவகப் பகுதிகள் இருக்கும், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே காலியாக உள்ள பகுதியில் புதியதை எழுதிவிட்டு அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது மாறிக்கொள்ளும். அதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரே பகுதி உள்ள யூனிட்டுகளில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும், அதனால் காரை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் ஓடாது, பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் சுற்றாது. பல மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரியின் இணைப்பும் அப்போது துண்டிக்கப்பட்டிருக்கும். ஆனால் யூனிட்டுகள் விழித்திருக்கும். அத்தனை சுமையும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சின்ன பேட்டரி மேல்தான்.

கீழே சொல்லும் வோல்டேஜ் எண்கள் ஈயப் பேட்டரிக்கு மட்டும். சில புதிய கார்களில், உதாரணமாக 2021 கடைசிக்கு அப்புறம் வந்த பல டெஸ்லாக்களில், சின்ன பேட்டரியும் லித்தியம்தான். அதற்கு இந்த எண்கள் பொருந்தாது, சாதாரண சார்ஜரும் அதில் மாட்டக் கூடாது.

## அறிகுறி 1: இறங்கிவிட்டது, ஆனால் "பேட்டரி போதவில்லை" அல்லது "நிபந்தனைகள் சரியில்லை" என்று வருகிறது

இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கார் சரியாகத்தான் செய்கிறது. வாகன சாப்ட்வேர் அப்டேட்டுக்கென்று ஐக்கிய நாடுகளின் R156 என்ற விதி 2021-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேலையை முடிக்கப் போதுமான மின்சாரம் இருந்தால்தான் அப்டேட் தொடங்க வேண்டும், பாதியில் தோற்றால் பழைய பதிப்புக்குத் திரும்பத் தேவையான மின்சாரமும் அதில் சேர்த்தி. அதனால் கார் கேட்பது போக ஒரு மடங்கு, வர ஒரு மடங்கு. காரை ஸ்டார்ட் செய்யப் போதுமான சார்ஜ் இதற்குப் போதாமல் போவது அதனால்தான்.

காசு செலவில்லாத காரணங்கள் முதலில். கியர் பார்க்கில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா, கதவு, டிக்கி, பானெட் எல்லாம் சரியாக மூடியிருக்கிறதா, ஹெட்லைட், ஹஸார்ட் லைட் அணைந்திருக்கிறதா பாருங்கள். மின்சாரக் காராக இருந்தால் சார்ஜிங் கேபிளைக் கழற்றிவிட்டு முயலுங்கள். இதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு, டெஸ்லாவில் கேபிள் மாட்டியிருந்தால் சார்ஜ் தானாக நின்று அப்டேட் முடிந்ததும் தொடரும், வேறு சில கார்கள் கேபிள் இருந்தால் தொடங்கவே தொடங்காது.

அடுத்து, உண்மையிலேயே சார்ஜ் குறைவு. இதை மல்டிமீட்டர் வைத்து நீங்களே பார்க்கலாம், ஆனால் பார்க்கும் நேரம் முக்கியம். ஓட்டிவிட்டு வந்த கையோடு அளந்தால் எந்தப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான். பானெட்டை முன்கூட்டியே திறந்துவிட்டு, காரைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டு, ஓர் இரவு விட்டு காலையில் கதவைத் திறக்காமல் அளந்து பாருங்கள். கதவைத் திறந்தால் யூனிட்டுகள் விழித்துக்கொண்டு வோல்டேஜ் இறங்கிவிடும். சாதாரண ஈயப் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகை ஈயப் பேட்டரி என்றால் நிறைவுக்கு 12.8-க்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் நான் அப்டேட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை, முதலில் சார்ஜ்.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம், அதில் திரும்பக் கிடைப்பது மிகக் கொஞ்சம். பாதியில் இருக்கும் பேட்டரியை நிறைக்க 5 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு ஆகும்.

மூன்றாவது, பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனால் காருக்குத் தெரியவில்லை. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் ஒரு காரை எடுத்துச் சொல்கிறேன்.

நான்கு வருடம் ஆன பெட்ரோல் கார், 70 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி. உரிமையாளருக்கு அலுவலகம் பக்கத்தில், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஓட்டம். அப்டேட் செய்தி வந்து இரண்டு வாரமாக நிறுவும் பட்டன் மங்கலாகவே இருந்திருக்கிறது. காலையில் அளந்தேன், 12.3. ஏறத்தாழ பாதிதான். சார்ஜ் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் இரவு முழுக்கப் போட்டுவிட்டு, காலையில் சார்ஜரைக் கழற்றிய உடனே உட்கார்ந்து முயன்றிருக்கிறார். அதே செய்தி. "சார்ஜர் பச்சை விளக்கு காட்டுது, கார் மட்டும் இல்லைங்குது, அப்ப கார்லதான் ஏதோ கோளாறு" என்று திரும்பவும் கொண்டுவந்தார். அளந்தால் 12.9. பேட்டரி நிறைவாகத்தான் இருக்கிறது.

சார்ஜரை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். சிவப்பை பாசிட்டிவ் முனையில், கருப்பை நெகட்டிவ் முனையில், நேராக பேட்டரி மேலேயே. கோளாறு அங்கேதான். அந்த நெகட்டிவ் முனையை உற்றுப் பார்த்தால், கேபிள் வந்து பிடிக்கும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும், அதில் மெல்லிய ஒயர் ஒன்று தனியாகப் போகும். அதுதான் பேட்டரி சென்சார். உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்வது அது. நேராக முனையில் மாட்டினால் சார்ஜரின் மின்சாரம் அந்தப் பெட்டி வழியாகப் போகாமலே பேட்டரிக்குள் போய்விடும். பேட்டரி நிறையும், கணக்கில் ஏறாது.

கருப்புக் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல், பானெட்டுக்குள் கார் பாடியோடு சேர்ந்திருக்கும் எர்த் பாயின்ட்டில் மாட்ட வேண்டும், எது என்று காரின் கையேட்டில் படம் இருக்கும். அவருடைய காரில் ஏற்கெனவே சார்ஜ் நிறைந்துவிட்டதால் மறுபடி சார்ஜ் போடச் சொல்லவில்லை. காரைப் பூட்டி ஓர் இரவு தொடாமல் விடுங்கள் என்றேன். கார் நன்றாகத் தூங்கிய பிறகு சென்சார் ஓய்வு வோல்டேஜைப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். மறுநாள் காலை பட்டன் எரிந்தது, 35 நிமிடத்தில் அப்டேட் முடிந்தது.

நான்காவது, ஏதோ ஒன்று தினமும் உறிஞ்சுகிறது. அதே காரில் 70 ஆம்பியர்-மணி ஏன் பாதியானது என்று பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த அப்டேட்டுக்கும் இதே பாடுதான். நிறுத்தியிருக்கும்போதும் ஓடும் டாஷ்கேம் ஒன்று மாட்டியிருந்தார். அது இழுப்பது 0.25 ஆம்பியர், பார்த்தால் சின்ன எண். ஆனால் நாளில் 23 மணி நேரத்துக்கு மேல் கார் நிற்கிறது, ஆகவே தினம் ஏறத்தாழ ஆறு ஆம்பியர்-மணி போகிறது. இருபது நிமிட ஓட்டத்தில் சராசரியாக 8 ஆம்பியர் ஏறினால் திரும்ப வருவது இரண்டே முக்காலுக்குள். தினமும் மூன்று ஆம்பியர்-மணிக்கு மேல் நஷ்டம், பத்து நாளில் முப்பதுக்கு மேல். டாஷ்கேமை நிறுத்தத்தில் அணையும்படி ஒயரை மாற்றினோம். புது பேட்டரி வாங்கத் தயாராக இருந்தவர் அவர், அது தேவைப்படவில்லை.

ஐந்தாவது, பேட்டரியே தேய்ந்துவிட்டது. நிறைய சார்ஜ் போட்டு, காரைத் தூங்கவிட்டும் ஒரே இரவில் 12.4-க்குக் கீழே வருகிறது, உறிஞ்சும் பொருளும் எதுவும் இல்லை என்றால், சுமை கொடுத்து வோல்டேஜைப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்யக் கொடுங்கள். ஐந்து வருடம் ஆன பேட்டரி என்றால் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். மாற்றும்போது அதே வகை, அதே அளவு போட வேண்டும், ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரணப் பேட்டரி போடக் கூடாது. பல கார்களில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் காருக்குப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பழைய, தேய்ந்த பேட்டரிதான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கார் மறுபடியும் அப்டேட்டை மறுக்கும்.

கடைசியாக, சார்ஜ் செய்யும் பாகத்தில் பழுது. எஞ்சினை ஓடவிட்டு, மின்சாரக் காரில் ரெடி நிலையில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு ஐந்து நிமிடம் பேட்டரி முனையில் பாருங்கள். 13.5-க்கு மேல் 14.7 வரை இருந்தால் நல்லது. இன்றைய ஆல்டர்னேட்டர்கள் பேட்டரி நிறைந்திருந்தால் தாமே கொஞ்சம் இறக்கிக்கொள்ளும், அதனால் ஒரு தடவை பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பேட்டரி குறைந்திருக்கும்போதும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர், மின்சாரக் காரில் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை ஏற்றும் டிசி-டிசி கன்வெர்ட்டர். இங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். கன்வெர்ட்டர் பக்கம் நீங்கள் கை வைக்கவே கூடாது, அதன் மறுபக்கம் நூற்றுக்கணக்கான வோல்ட்.

## அப்டேட் பட்டனை அழுத்துவதற்கு முந்தின இரவு

நான் செய்வது இதுதான்: எர்த் பாயின்ட்டில் கிளிப் மாட்டி சார்ஜ், அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் குறைந்தது நாலைந்து மணி நேரம் கார் பூட்டியபடி ஓய்வு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் இடமான ஓபிடி போர்ட்டில் ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றி எடுத்துவிடுவேன். மின்சாரக் கார் என்றால் பெரிய பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கட்டும், அப்டேட் முடிந்ததும் சின்ன பேட்டரியை நிறைப்பது அதுதான்.

வீட்டு சார்ஜரை மாட்டியபடியே அப்டேட் ஓட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் அப்டேட் ஏற்றும்போது நாங்களும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்போம்தான், ஆனால் அது பல பத்து ஆம்பியரை ஆடாமல் ஒரே வோல்டேஜில் கொடுக்கும் கருவி. வீட்டு சார்ஜர் பேட்டரியைப் பார்த்துத் தானே கூட்டும், குறைக்கும், நடுவில் நிறுத்தும். முன்னாலேயே நிறைத்துவிட்டுக் கழற்றிவிடுவதுதான் நல்லது.

## அறிகுறி 2: பதிவிறக்கம் ஒரே சதவீதத்தில் நிற்கிறது

இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, பழைய சாப்ட்வேர் அப்படியே இருக்கிறது. தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்கில் நிறுத்தினால் சிக்னல் வராது, வெளியே ஓரிடத்தில் நிறுத்துங்கள். பல கார்கள் ஓடும்போது மட்டும்தான் இறக்கிக்கொள்ளும், நிறுத்தினால் அங்கேயே நின்று அடுத்த ஓட்டத்தில் தொடரும், ஆகவே மூன்று நாள் ஆவதும் இயல்பே. வைஃபை வசதி இருந்தால் இணையுங்கள், பெரிய அப்டேட்டுகள் சில ஜிபி வரை போகும். காரின் இணைய இணைப்புச் சந்தா முடிந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இதிலும் பேட்டரி வரும். சார்ஜ் குறைந்தால் தகவல்தொடர்பு யூனிட்டைச் சீக்கிரமே தூங்கவைத்துவிடும் கார்கள் உண்டு. கைபேசிச் செயலியில் கார் அடிக்கடி தொடர்பில் இல்லை என்று காட்டினால் அறிகுறி 1-க்குப் போங்கள். ஒரு வாரம் ஓட்டியும் நகரவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்.

## அறிகுறி 3: பாதியில் நின்று பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டது

திரும்பிவிட்டது என்றால் நல்ல செய்தி, வழிமுறை வேலை செய்திருக்கிறது. உடனே மறுபடி அழுத்தாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதல் முயற்சியிலேயே பேட்டரி நிறையச் செலவாகியிருக்கும், இரண்டாவது முயற்சி அதைவிட மோசமான இடத்தில் நிற்கலாம்.

முதலில் யோசிக்க வேண்டியது, நடுவில் யாராவது காரைத் திறந்தார்களா, பிரேக்கை மிதித்தார்களா, கேபிளை மாட்டினார்களா என்பது. அடுத்தது ஓபிடி போர்ட். காப்பீட்டுக் கருவி, மைலேஜ் பார்க்கும் ப்ளூடூத் கருவி, ஜிபிஎஸ் கருவி எதுவானாலும் அது கார் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் அதே பாதையில் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் கழற்றியதும் ஒரே தடவையில் ஏறிய கார்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, தேய்ந்த பேட்டரி. ஓய்வில் 12.6 காட்டும், சுமை விழுந்ததும் தொங்கிவிடும், லோடு டெஸ்டில்தான் தெரியும்.

இந்த மூன்றையும் சரிசெய்து, முழு சார்ஜோடு ஒரே ஒரு தடவை மறுபடி முயலுங்கள். மறுபடியும் அதே சதவீதத்தில் நின்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட யூனிட் பதில் சொல்லவில்லை. திரையில் வரும் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், வீட்டில் செய்ய இனி ஒன்றுமில்லை.

## அறிகுறி 4: திரை கருப்பாகவே இருக்கிறது

முதலில் காத்திருங்கள். சொன்ன நேரத்தைப் போல இரண்டு மடங்கு விடுங்கள், நடுவில் திரை அணைந்து எரிவது இயல்பு. இந்த நேரத்தில் பேட்டரி கேபிளை மட்டும் கழற்றக் கூடாது. ஒரே நினைவகப் பகுதி உள்ள யூனிட்டில் பழையது அழிந்து புதியது பாதி எழுதியிருக்கும் நேரமாக இருந்தால், அந்த யூனிட் அதோடு முடங்கிவிடலாம், மாற்ற வேண்டியும் வரலாம்.

நேரம் கடந்தும் வரவில்லை என்றால் கையேட்டில் சொன்ன பட்டனை அழுத்திப் பிடித்துத் திரையை மட்டும் மீண்டும் தொடக்குங்கள். வந்துவிட்டால் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு ஓட்டலாம். வரவில்லை என்றால் அப்டேட்டிலேயே பிழை இருக்கலாம். 2023 நவம்பரில் அமெரிக்க மின்சாரக் கார் கம்பெனியான ரிவியன் அனுப்பிய 2023.42 அப்டேட்டில் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு தவறான பதிப்பு போய்விட்டது, கார்கள் ஓடின, திரைகள் வேலை செய்யவில்லை. இந்த மாதிரி நேரத்தில் உரிமையாளர் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. கம்பெனியைக் கூப்பிடுங்கள். வேகம் காட்டும் திரையும் சேர்ந்து கருப்பாகிவிட்டால் ஓட்டாதீர்கள், வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: அப்டேட் நன்றாக முடிந்தது, மறுநாள் காலை கார் எழவில்லை

இரண்டு வழி உண்டு. அப்டேட்டிலேயே பேட்டரி வடிந்து அதன் பிறகு ஓட்டாமல் நிறுத்தியிருக்கலாம், அப்படியானால் ஒரு தடவை சார்ஜ் போட்டாலே முடிந்தது. இல்லையென்றால் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு யூனிட் தூங்காமல் இருக்கிறது.

உள்ளே போக சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுங்கள். பூஸ்டரை கையேடு காட்டும் இடத்தில் மாட்டினால் மின்சாரக் காரும் எழுந்துவிடும், அப்புறம் ரெடி நிலையில் ஒரு மணி நேரம் விட்டால் பெரிய பேட்டரியே சின்னதை ஏற்றிவிடும்.

அன்று இரவே பேட்டரி மறுபடி இறங்குகிறதா என்று பாருங்கள். டிசி மில்லி ஆம்பியரையும் சரியாகக் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நெகட்டிவ் கேபிளில் மாட்டி, பூட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். 2 ஆம்பியர் காட்டினால் ஒரு நாளில் 48 ஆம்பியர்-மணி போய்விடும், அதை எந்தச் சின்ன பேட்டரியும் தாங்காது. கைபேசிச் செயலியை அடிக்கடி திறந்து காரைப் பார்ப்பதும் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும், அதை ஒரு நாள் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் ஆம்பியர் குறையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு. பேட்டரி மாற்றச் சொன்னால் அந்த அளவைக் காட்டுங்கள்.

## அறிகுறி 6: கார் முன்போல் இல்லை

வரைபடமும் திரையும் மட்டும் மாறும் அப்டேட் உண்டு, காரின் நடத்தையே மாறும் அப்டேட்டும் உண்டு. 2018-ல் டெஸ்லா மாடல் 3-க்கு வந்த ஓர் அப்டேட், மணிக்கு 60 மைல் வேகத்தில் நிற்க எடுக்கும் தூரத்தை அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதனையில் 152 அடியிலிருந்து 133 அடியாகக் குறைத்தது, ஒரு நட்டைக்கூடத் தொடாமல். அதனால் பிரேக் மிதிக்கும் உணர்வு, காலை எடுத்தால் வேகம் குறையும் விதம், சார்ஜ் ஏறும் வேகம் எது மாறினாலும் முதலில் அப்டேட் குறிப்பைப் படியுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், சார்ஜ் வரம்பு, வேகம் குறையும்போது பேட்டரிக்குச் சார்ஜ் திரும்பும் ரீஜென் அளவு, ஓட்டுநர் உதவி வசதிகள் பழைய இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள், சில நேரம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரைப் பூட்டி ஒரு மணி நேரம் தூங்கவிட்டு மறுபடி பாருங்கள், விழித்தெழும் வரிசை தவறியதால் வந்தது அதிலேயே போய்விடும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்காக இருந்து அதற்கும் போகவில்லை என்றால் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், கூப்பிடுங்கள். கூப்பிடும்போது பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், விளக்கின் படம், காலையில் அளந்த வோல்டேஜ் இந்த நான்கும் கையில் இருந்தால், பேட்டரியில் தொடங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கும் அரை நாள் உங்களுக்கு மிச்சம்.